ஆரம்ப நிலைகளை சோர்ஸாக வரைந்து டிரான்சியன்ட் சர்க்யூட்டைத் தீர்ப்பது: ஒரு ரிலே காயிலை வைத்து முழுக் கணக்கு

ஸ்விட்ச் திறந்த பிறகு ஒரு சர்க்யூட்டில் என்ன நடக்கிறது என்பதை வகைக்கெழுச் சமன்பாடு எழுதியும் கண்டுபிடிக்கலாம். அந்த வழியில் பெரும்பாலோர் இடறுவது சமன்பாட்டில் அல்ல, கடைசிக் கட்டத்தில்தான். பொதுத் தீர்வில் வரும் இரண்டு மாறிலிகளைக் கண்டுபிடிக்க i(0⁺) மட்டும் போதாது, di/dt-யும் வேண்டும். அதை சர்க்யூட்டிலிருந்து தனியாகத் தோண்டி எடுக்க வேண்டியிருக்கும். s-டொமைன் வழியில் அந்தத் தொல்லை இல்லை. இண்டக்டரில் ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டத்தையும் கெபாசிட்டரில் இருந்த மின்னழுத்தத்தையும் படத்திலேயே சோர்ஸாக வரைந்துவிடுகிறோம். அதற்குப் பிறகு மிச்சமிருப்பது டிசி சர்க்யூட் போல லூப், நோடு சமன்பாடும் கொஞ்சம் அல்ஜீப்ராவும்தான்.

ஒரே ஒரு சர்க்யூட்டை எடுத்துக்கொண்டு கடைசிவரை போவோம்.

12 வோல்ட் டிசி சப்ளை, அதோடு தொடராக ஒரு ஸ்விட்ச். ஸ்விட்சைத் தாண்டியதும் a என்ற நோடு. அங்கிருந்து கிரவுண்டுக்கு இரண்டு கிளைகள். ஒன்றில் ரிலே காயில்: கம்பியின் மின்தடை 60 ஓம், இண்டக்டன்ஸ் 0.1 ஹென்றி, இரண்டும் தொடராக இருப்பதாக வைத்துக்கொள்கிறோம். இன்னொன்றில் 40 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். காயில் துண்டிக்கப்படும்போது ஸ்விட்ச் முனையில் தீப்பொறி வராமல் இருக்கத்தான் அது. ஸ்விட்ச் வெகுநேரம் மூடியிருந்தது, t = 0-இல் திறக்கிறோம். காயிலில் கீழ்நோக்கி ஓடும் மின்னோட்டம் i(t), நோடு a-யின் மின்னழுத்தம் v(t) இரண்டும் வேண்டும்.

முதல் வேலை: ஸ்விட்ச் திறப்பதற்குச் சற்று முன்

வெகுநேரம் மூடியிருந்ததால் எல்லாம் நிலையாகிவிட்டது. நிலையான டிசி-யில் இண்டக்டர் வெறும் கம்பி, கெபாசிட்டர் திறந்த பாதை. ஆக காயிலில் 12/60 = 0.2 ஆம்பியர், கெபாசிட்டரில் 12 வோல்ட், மேல்முனை பாசிட்டிவ்.

i(0⁻) = 0.2 A
v(0⁻) = 12 V

இந்த இரண்டு எண்கள் மட்டும்தான் பழைய சர்க்யூட்டிலிருந்து புதியதுக்கு வருகின்றன. மின்தடைக்கு நினைவு கிடையாது, அதன் பழைய நிலை தேவையில்லை. எடுக்க வேண்டியது 0⁻ மதிப்பைத்தான், 0⁺ அல்ல என்பதையும் கவனியுங்கள். இங்கே இரண்டும் ஒன்றே என்றாலும், ஸ்விட்ச் மாறும் கணத்தில் இம்பல்ஸ் வரும் சர்க்யூட்டுகளில் இரண்டும் வேறுபடும். அங்கே 0⁺ மதிப்பைப் போட்டால் இம்பல்ஸின் விளைவை இரண்டு முறை எண்ணியதாகிவிடும்.

உறுப்புகளை மாற்றுவது

இண்டக்டரின் விதி v = L di/dt. இதை லாப்லாஸ் உருமாற்றம் செய்தால் வருவது:

V(s) = sL·I(s) − L·i(0⁻)

இதைச் சமன்பாடாகப் பார்க்காமல் படமாகப் பார்க்க வேண்டும். இண்டக்டரின் இரு முனைகளுக்கு இடையே உள்ள V(s) இரண்டு துண்டுகளால் ஆனது. ஒன்று sL என்ற இம்பீடன்ஸில் விழும் மின்னழுத்தம். இன்னொன்று L·i(0⁻) மதிப்புள்ள ஒரு வோல்டேஜ் சோர்ஸ். கழித்தல் குறி சொல்வது இதுதான்: மின்னோட்டத்தின் திசையிலேயே நடந்து போனால் முதலில் sL·I அளவு இறக்கம், அடுத்து L·i(0⁻) அளவு ஏற்றம். அதாவது சோர்ஸின் பிளஸ் முனை, மின்னோட்டம் வெளியேறும் பக்கம் இருக்கும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டத்தை அதே திசையில் தள்ளும் சோர்ஸ் அது. குறி மறந்துபோனால் இந்த ஒரு வாக்கியத்தை நினைத்துக்கொண்டால் போதும்.

கெபாசிட்டருக்கு, மின்னோட்டம் பிளஸ் முனையில் நுழைவதாக எடுத்துக்கொண்டால்:

V(s) = I(s)/(sC) + v(0⁻)/s

இங்கே 1/(sC) என்ற இம்பீடன்ஸோடு தொடராக v(0⁻)/s என்ற சோர்ஸ். அதன் பிளஸ் முனை, கெபாசிட்டரில் பிளஸ் இருந்த அதே பக்கம்தான்.

இப்போது ஒரு கேள்வி எழ வேண்டும். கெபாசிட்டரின் சோர்ஸை s-ஆல் வகுக்கிறோம், இண்டக்டரின் சோர்ஸை ஏன் வகுக்கவில்லை? L·i(0⁻)/s என்று எழுதிவிடுவது இந்தப் பாடத்தில் அடிக்கடி பார்க்கும் பிழை. யூனிட்டைப் பார்த்தாலே பிடித்துவிடலாம். மின்னழுத்தத்தின் லாப்லாஸ் உருமாற்றத்துக்கு யூனிட் வோல்ட்-விநாடி. 1/s-க்கு விநாடி என்பதால் 12/s வோல்ட்-விநாடி ஆகிறது. ஹென்றியை ஆம்பியரால் பெருக்கினால் அதுவே வோல்ட்-விநாடிதான். அதை மறுபடி s-ஆல் வகுத்தால் யூனிட் கெட்டுவிடும்.

யூனிட்டுக்குப் பின்னால் ஒரு காரணமும் இருக்கிறது. 12/s என்பது t = 0 முதல் தொடர்ந்து நிற்கும் 12 வோல்ட், ஒரு ஸ்டெப். L·i(0⁻) என்ற மாறிலி அப்படியல்ல, அது t = 0-இல் மட்டும் வந்து போகும் இம்பல்ஸ். ஓய்வில் இருக்கும் 0.1 ஹென்றி இண்டக்டருக்கு 0.02 வோல்ட்-விநாடி பரப்புள்ள ஒரு இம்பல்ஸைக் கொடுத்தால், அந்தக் கணத்திலேயே அதில் 0.2 ஆம்பியர் ஏறிவிடும். நாம் வரைந்த சோர்ஸ் செய்வது இதைத்தான். வெறும் இண்டக்டர் ஒன்றை எடுத்து, t = 0-இல் அதற்குள் 0.2 ஆம்பியரை ஏற்றி வைக்கிறது.

புதிய படம்

ஸ்விட்ச் திறந்துவிட்டதால் சப்ளை படத்தில் இல்லை. மீதி ஒரே ஒரு லூப். கெபாசிட்டரின் மேல்முனையில் தொடங்கி, காயில் வழியே கீழே இறங்கி, கிரவுண்ட் வழியாகக் கெபாசிட்டருக்குத் திரும்பும் பாதை. அந்தத் திசையையே I(s)-இன் திசையாக வைத்துக்கொள்வோம். லூப்பில் இருப்பவை:

மின்தடை: 60
இண்டக்டர்: 0.1s, தொடராக 0.02 சோர்ஸ்
கெபாசிட்டர்: 25000/s, தொடராக 12/s சோர்ஸ்

1/C = 1/(40×10⁻⁶) = 25000 என்பதால் அந்த எண். இனி குறிகள். இண்டக்டரின் சோர்ஸ் I-யின் திசையில் தள்ளுகிறது. கெபாசிட்டரின் சோர்ஸுக்கு மேல்முனை பிளஸ், I அங்கிருந்துதான் வெளியேறுகிறது, ஆக அதுவும் அதே திசையில் தள்ளுகிறது. இரண்டும் கூடும்.

I(s)·(60 + 0.1s + 25000/s) = 0.02 + 12/s

இரு பக்கத்தையும் 10s-ஆல் பெருக்கினால் சமன்பாடு சுத்தமாகிவிடும்:

I(s) = (0.2s + 120) / (s² + 600s + 250000)

வகைக்கெழு எதுவும் எழுதவில்லை, மாறிலி எதையும் தேடவில்லை. ஆரம்ப நிலைகள் இரண்டும் ஏற்கெனவே தொகுதிக்குள் உட்கார்ந்துவிட்டன: 0.2 இண்டக்டரிலிருந்து வந்தது, 120 கெபாசிட்டரிலிருந்து வந்தது. இவை சாதாரணத் தனி சோர்ஸ்கள்தான் என்பதால் சூப்பர்பொசிஷனும் செல்லும். ஒன்றை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் விடையில் அதன் பங்கு மட்டும் வரும். தெவினின் இம்பீடன்ஸ் கண்டுபிடிக்கும்போது மற்ற சோர்ஸ்களைப் போல இவற்றையும் பூஜ்யமாக்க வேண்டும். பலர் சப்ளையை மட்டும் நீக்கிவிட்டு இவற்றை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

நேரத்துக்குத் திரும்புவது

பகுதியின் மூலங்கள் −300 ± j400. கலப்பெண்கள் என்றதும் பகுதிப் பின்னங்களில் இறங்க வேண்டாம், வர்க்கத்தை நிரப்புவதே சுலபம்.

s² + 600s + 250000 = (s + 300)² + 400²

தொகுதியையும் (s + 300) வரும்படி பிரிக்கிறோம். 0.2s + 120 = 0.2(s + 300) + 60. அந்த 60-ஐ 0.15 × 400 என்று எழுதினால் இரண்டு துண்டும் அட்டவணையில் உள்ள வடிவத்துக்கு வந்துவிடும். (s + 300) உள்ளது கொசைன், 400 உள்ளது சைன்.

i(t) = e^(−300t)·(0.2 cos 400t + 0.15 sin 400t) ஆம்பியர்

இரண்டையும் சேர்த்து எழுதினால் 0.25 e^(−300t) cos(400t − 36.87°).

கெபாசிட்டர் மின்னழுத்தம்: இங்கேதான் கவனம் வேண்டும்

I(s) கிடைத்துவிட்டது, v வேண்டும். 25000/s-ஐ I(s)-ஆல் பெருக்கிவிட்டால் போதுமா? போதாது. s-டொமைனில் கெபாசிட்டர் என்பது இம்பீடன்ஸும் சோர்ஸும் சேர்ந்த ஜோடி. நோடு a-க்கும் கிரவுண்டுக்கும் இடையே இரண்டுமே இருக்கின்றன. இம்பீடன்ஸின் மேல் மட்டும் மின்னழுத்தம் எடுத்தால், படத்தில் மட்டும் இருக்கும், நிஜத்தில் கம்பி வைக்கவே முடியாத ஒரு உள்முனையின் மின்னழுத்தத்தைக் கண்டுபிடித்தவர்களாவோம்.

I பிளஸ் முனையிலிருந்து வெளியேறுவதால்:

V(s) = 12/s − (25000/s)·I(s)

பொதுப் பகுதி எடுத்துச் சுருக்கும்போது தொகுதியில் 12 × 250000 = 3000000-உம், 25000 × 120 = 3000000-உம் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. அதனால் பகுதியிலிருந்த தனி s-உம் போய்விடுகிறது:

V(s) = (12s + 2200) / (s² + 600s + 250000)

s போயே ஆக வேண்டும். அது மிஞ்சியிருந்தால் விடையில் ஒரு மாறாத வோல்டேஜ் கடைசிவரை நிற்கும். சப்ளை இல்லாத, மின்தடை உள்ள இந்த லூப்பில் அது நடக்காது. உங்கள் கணக்கில் s கரையவில்லை என்றால் பெரும்பாலும் சோர்ஸின் குறியைத் தவறாகப் போட்டிருப்பீர்கள், அல்லது சோர்ஸையே விட்டிருப்பீர்கள்.

முன்போலவே 12s + 2200 = 12(s + 300) − 1400, அந்த −1400 = −3.5 × 400.

v(t) = e^(−300t)·(12 cos 400t − 3.5 sin 400t) வோல்ட்

இண்டக்டருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும், அங்கே பிழை இன்னும் தெளிவாகக் காட்டிக்கொடுத்துவிடும். சோர்ஸை மறந்து 0.1s·I(s) மட்டும் எழுதினால் கிடைப்பது (0.02s² + 12s) / (s² + 600s + 250000). தொகுதியும் பகுதியும் ஒரே படி. s முடிவிலிக்குப் போகும்போது இது பூஜ்யத்துக்கு இறங்காமல் 0.02-இல் நின்றுவிடும். அப்படியென்றால் விடைக்குள் ஒரு இம்பல்ஸ் ஒளிந்திருக்கிறது என்று பொருள். நிஜத்தில் இந்தக் காயிலில் மின்னோட்டம் எங்கும் குதிக்கவில்லை, ஆகவே இம்பல்ஸுக்கு இடமில்லை. சோர்ஸின் 0.02-ஐக் கழித்ததும் −5000 / (s² + 600s + 250000) என்றாகிவிடும். அதன் நேர வடிவம் −12.5 e^(−300t) sin 400t, பூஜ்யத்தில் அமைதியாகத் தொடங்குகிறது.

சரிபார்ப்பது

ஒரே ஒரு சரிபார்ப்பில் நிம்மதி அடைந்துவிடக் கூடாது. s·I(s)-க்கு s → ∞ எல்லை எடுத்தால் 0.2 வருகிறது, அதாவது i(0⁺) = 0.2, சரி. ஆனால் கெபாசிட்டரின் குறியைத் தவறாகப் போட்டு 0.2s − 120 என்று எழுதியிருந்தாலும் இதே 0.2தான் வரும். இந்தச் சோதனை இண்டக்டரின் குறியை மட்டும்தான் காக்கும்.

அடுத்து சரிவைப் பார்க்க வேண்டும். t = 0⁺-இல் கெபாசிட்டர் 12 வோல்ட், காயிலின் மின்தடையில் 0.2 × 60 = 12 வோல்ட். இண்டக்டருக்கு மிச்சம் பூஜ்யம், ஆகவே di/dt பூஜ்யமாக இருக்க வேண்டும். நம் விடையில் −300 × 0.2 + 400 × 0.15 = −60 + 60 = 0. சரி. தவறான குறியோடு செய்திருந்தால் −240 வந்து காட்டிக்கொடுத்திருக்கும். v-க்கும் அப்படியே: dv/dt = −i/C = −0.2 × 25000 = −5000 வோல்ட்/விநாடி இருக்க வேண்டும். விடையில் −300 × 12 − 400 × 3.5 = −5000.

சிமுலேஷனில் பார்க்க விரும்பினால் ngspice-இல் இவ்வளவுதான்:

```
* relay coil
C1 a 0 40u IC=12
R1 a b 60
L1 b 0 0.1 IC=0.2
.tran 10u 20m UIC
.control
run
plot v(a)
plot l1#branch
meas tran vmin MIN v(a)
.endc
.end
```

UIC-ஐ விட்டுவிட்டால் அது முதலில் டிசி நிலையைத் தானே கணக்கிடும். சப்ளை இல்லாததால் எல்லாம் பூஜ்யம் என்று தட்டையான கோடு வரும். vmin ஏறக்குறைய −1.90 வர வேண்டும்.

அந்த −1.90 எங்கிருந்து வந்தது? மின்னோட்டம் பூஜ்யமாகும் வரை கெபாசிட்டரிலிருந்து மின்னேற்றம் போய்க்கொண்டே இருக்கும். 400t = 126.87° ஆகும்போது, அதாவது சுமார் 5.54 மில்லி விநாடியில், i பூஜ்யம். அந்த நேரத்தில் v = −1.90. போலாரிட்டி உள்ள எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரை இங்கே போட்டால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அது தலைகீழ் மின்னழுத்தம் வாங்கும். ஸ்விட்சின் பக்கமோ நல்ல செய்தி: அதன் முனைகளுக்கிடையே அதிகபட்சம் 12 + 1.9 = 13.9 வோல்ட்தான்.

கெபாசிட்டரே இல்லாவிட்டால்? காயிலின் மின்னோட்டம் திடீரென்று பூஜ்யமாக வேண்டும். அப்போது 0.02 வோல்ட்-விநாடி முழுவதும் எங்காவது வெளியே தெரிந்தாக வேண்டும். மின்னோட்டம் அறுபட 20 மைக்ரோ விநாடி ஆகிறது என்றால் சராசரி 1000 வோல்ட். படத்தில் வரைந்த அந்தச் சின்ன சோர்ஸ் ஸ்விட்ச் முனையில் தீப்பொறியாக வெளிப்படுவது இப்படித்தான்.

நோடு முறையில் செய்வதென்றால்

லூப்புகள் பல இருந்தால் கரன்ட் சோர்ஸ் வடிவம் வசதி. ஜோடியை நார்ட்டன் வடிவத்துக்கு மாற்றினால் இண்டக்டர், sL-க்கு இணையாக i(0⁻)/s என்ற கரன்ட் சோர்ஸ் ஆகும். கெபாசிட்டர், 1/(sC)-க்கு இணையாக C·v(0⁻) ஆகும். s-ஆல் வகுப்பது இங்கே இடம் மாறிவிடுவதைப் பாருங்கள். இப்போது இண்டக்டருக்கு ஸ்டெப், கெபாசிட்டருக்கு இம்பல்ஸ்.

நம் சர்க்யூட்டில் காயிலின் 60 ஓமும் 0.1s-உம் தொடராக இருப்பதால், கிளை முழுவதையும் ஒன்றாக மாற்றுவது நல்லது. இல்லாவிட்டால் நடுவில் ஒரு நோடு கூடிவிடும். நோடு a-யில் எழுதினால்:

V(s)·[40×10⁻⁶·s + 1/(60 + 0.1s)] = 0.00048 − 0.02/(60 + 0.1s)

0.00048 என்பது C·v(0⁻), நோடுக்குள் வருகிறது. காயிலின் சோர்ஸ் நோடிலிருந்து வெளியே இழுக்கிறது, அதனால் கழித்தல். சுருக்கினால் அதே (12s + 2200) / (s² + 600s + 250000).

ஒரு மின்தடையைச் சேர்த்தால்

ஸ்விட்சை மூடும்போது காலியான 40 மைக்ரோஃபாரட் சப்ளையை ஏறக்குறைய ஷார்ட் செய்வது போல இழுக்கும். அதனால் கெபாசிட்டரோடு தொடராக ஒரு சின்ன மின்தடை வைப்பது வழக்கம். 20 ஓம் வைத்தால் என்ன ஆகும்? ஆரம்ப நிலைகள் மாறவில்லை, சோர்ஸ்கள் மாறவில்லை. லூப்பில் 60-க்குப் பதில் 80, அவ்வளவே:

I(s) = (0.2s + 120) / (s² + 800s + 250000)

மூலங்கள் −400 ± j300. i(t) = e^(−400t)·(0.2 cos 300t + 0.1333 sin 300t). சரிவு: −80 + 40 = −40 ஆம்பியர்/விநாடி. நோடு a இப்போது 12-இல் தொடங்காது. 20 ஓமில் 4 வோல்ட் போய்விடுவதால் 8-க்குக் குதிக்கும். காயிலுக்கு 8 − 12 = −4 வோல்ட் மிச்சம், 0.1 × (−40) = −4. கணக்கு பொருந்துகிறது. கெபாசிட்டரின் தலைகீழ் மின்னழுத்தம் 1.9-லிருந்து சுமார் 0.4 வோல்ட்டுக்கு இறங்கிவிடுகிறது. அதற்கு விலை, ஸ்விட்ச் திறந்த கணத்திலேயே அதன் முனைகளில் தோன்றும் அந்த 4 வோல்ட்.

இதில் ஒரு எல்லை உண்டு. ரிலேயின் இரும்புத் துண்டு விடுபட்டு நகரும்போது காயிலின் இண்டக்டன்ஸே மாறும். அந்தக் கணம் முதல் L மாறிலி அல்ல, sL என்று எழுதவும் முடியாது. மேலே உள்ள விடைகள் செல்லுபடியாவது ரிலே விடும் கணம் வரைக்கும்தான். அதற்குப் பிறகு சிமுலேஷனையோ ஆசிலாஸ்கோப்பையோ நம்ப வேண்டியதுதான்.